"நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்?"

செம்பூர், மாட்டுங்கா பக்கமிருந்து குழந்தைகளை ஆலோசனைக்கு அழைத்துவரும் தமிழ்ப் பெற்றோர் பலர், "தெரியாதவங்ககிட்ட பேசாதேன்னு சொல்லி வெச்சிருக்கோம் மேடம்" என்பார்கள். ஆனால் மும்பையில் வளரும் நம் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். போனில் இந்தி கேட்டால் கூரியர்காரர் அல்லது பேங்க், தமிழ் கேட்டால் சொந்தக்காரர். தமிழ்க் குரல் வந்தவுடன் எச்சரிக்கை போய் மரியாதை வந்துவிடுகிறது.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மத்தியான நேரம், லேண்ட்லைன் அடிக்கிறது. அவள் அம்மா பிறகு கேட்டுத் தெரிந்துகொண்ட உரையாடல் இது.

"ஹலோ, யாரு?"

"என் குரல் தெரியலையா? நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்?"

"கோயம்புத்தூர் பெரியப்பாவா?"

"அடடே, கரெக்டா சொல்லிட்டியே! அப்பா இருக்காரா?"

"ஆபீஸ் போயிருக்காங்க பெரியப்பா. அம்மாவும் ஆறு மணிக்குத்தான் வருவாங்க. பாட்டி தூங்கறாங்க."

"சரி, பாட்டி போனை எடு. இப்போ ஒரு மெசேஜ் வரும், அதுல இருக்கற நம்பரைப் படி."

பாட்டியின் பென்ஷன் கணக்கு அந்த மொபைல் எண்ணில்தான் இருக்கிறது. நல்லவேளை, போன் பூட்டியிருந்தது. குழந்தை பாட்டியை எழுப்பப் போனதும் அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். கோயம்புத்தூர் பெரியப்பா அன்று கூப்பிடவே இல்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரென்று முதலில் அவள்தான் கேட்டாள். எதிர்முனையில் இருந்தவன் கேள்வியைத் திருப்பிவிட்டான். பெரியப்பா என்ற உறவை அவளே எடுத்துக் கொடுத்தாள். இந்த விளையாட்டை அவளுக்குப் பழக்கியது நாம்தான். ஊரிலிருந்து கூப்பிடும் மாமா, சித்தி எல்லாரும் ஆசையாகக் கேட்பது இதே கேள்வி. சரியாகச் சொன்னால் பாராட்டும் கிடைக்கும்.

ஆகவே நான் முதலில் சொல்லித் தருவது: உறவுப்பெயரைக் குழந்தை முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. "வணக்கம், யார் பேசறீங்க?" என்று கேட்கட்டும். சொல்லு பார்க்கலாம் என்றால், "தெரியலைங்க, நீங்களே சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். பெரியப்பா என்று மட்டும் சொன்னால், "எந்த ஊர் பெரியப்பா?" என்று கேட்கலாம். "கோயம்புத்தூர் பெரியப்பாவா?" என்பது கூடாது, கேள்விக்குள்ளேயே பதில் போய்விடுகிறது. குரல் தெரிந்த உறவினர்தான் என்றால் "நல்லா இருக்கீங்களா பெரியப்பா, பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்று தாராளமாகப் பேசட்டும்.

அம்மா அப்பா இல்லாத நேரத்தில் ஒரே வாக்கியம் போதும்: "அம்மா இப்போ போனுக்கு வர முடியாது, உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க, பேசச் சொல்றேன்." வீட்டில் இல்லை என்பதும், எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதும் வெளியே போக வேண்டாம். இது பொய்யில்லையா என்று சில குழந்தைகள் கேட்பார்கள். பொய்யில்லை, ஆபீஸில் இருக்கும் அம்மா இந்தப் போனுக்கு வர முடியாதுதானே. நம்பர் எழுதும்போது ஒரு சிக்கல் வரும்: இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு 'எழுபத்தெட்டு' என்றால் சட்டென்று புரியாது. ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லி, பத்தையும் திருப்பிப் படித்துக் காட்டப் பழக்குங்கள். சொந்தக்காரர் என்று சொல்லிக் கொடுத்த எண்ணுக்கு நீங்கள் கூப்பிட வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அவர் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

மெசேஜில் வந்த எண்ணைக் கேட்டாலோ, "அப்பாவுக்கு ஆக்சிடென்ட், உடனே கீழே வா" என்றாலோ மரியாதையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, வைத்துவிடலாம். அடுத்த வேலை அம்மாவைக் கூப்பிடுவது. 2021 ஜனவரியிலிருந்து லேண்ட்லைனில் மொபைலுக்குப் போட 0 சேர்க்க வேண்டும். அதனால் போன் அருகே ஒட்டும் சீட்டில் உங்கள் எண்ணை 0 சேர்த்தே எழுதுங்கள். நான் கேட்டவரை பல வீடுகளில் அந்தச் சீட்டு இதற்கு முந்தையது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் நீங்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் மட்டும் நிற்காது, ஒத்திகை வேண்டும். குழந்தைக்குக் குரல் பழக்கமில்லாத, நன்றாகத் தமிழ் பேசும் நண்பர் ஒருவரை, தான் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வழுக்குகிறாள் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். பெரும்பாலும் முதல் கேள்வியில் இல்லை, நாலைந்து வாக்கியம் பேசிச் சிநேகமான பிறகுதான் தகவல் கொட்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. "உன் பொண்ணு என்னையே யாருன்னு கேக்கறா" என்று ஊரில் யாராவது கோபித்துக்கொள்வார்கள். அதற்காகக் குழந்தையைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை அவள் கேட்கவே மாட்டாள். முன்கூட்டியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்: இனி எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் பேரும் ஊரும் முதலில் சொல்லுங்கள், பாப்பா கேட்பாள்.