ஃபேஸ் செபரேஷன்: பெட்ரோல் ‘பிரிவது’ என்றால் என்ன?

கோத்தகிரிப் பக்கம் கவாத்து மிஷினுக்கு வாங்கி வைத்த பெட்ரோலை மழைக்காலம் முடிந்து எடுத்தால், “பெட்ரோல் பிரிஞ்சு போச்சு” என்பார்கள். மெக்கானிக் அதையே ‘ஃபேஸ் செபரேஷன்’ என்பார்.

‘ஃபேஸ்’ கிரேக்கச் சொல். தோற்றம் என்று பொருள். முதலில் நிலவின் வளர்பிறை, தேய்பிறைத் தோற்றங்களுக்கு வழங்கியது. ஒரு கலவைக்குள் தனித்து நிற்கும் ஒரே சீரான பகுதிக்கு அதைப் பெயராக்கியவர் அமெரிக்க அறிவியலாளர் வில்லார்ட் கிப்ஸ், 1870களில். இதைக் ‘கட்டப் பிரிவு’ என்று எழுதுவது பிழை. கட்டம் கட்டமாகப் பிரிவதாகத் தோன்றும். பாடநூல் ‘நிலைமை’ என்கிறது. சரிதான், ஆனால் கேனைப் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘அடுக்குப் பிரிவு’ என்றால் கண்ணில் படுவதையே சொல்கிறது.

அடியில் தண்ணீர் தேங்குவது வேறு. எத்தனால் கலக்காத பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் தண்ணீர் மட்டும் அடியில் நிற்கும், பெட்ரோல் கெடாது. எத்தனாலோ ஈரத்தைத் தன்னோடு சேர்த்துக் கரைத்து வைத்துக்கொள்ளும். பத்து சதம் எத்தனால் உள்ள இ10, 15 டிகிரியில் ஏறத்தாழ 0.5 சதம் தண்ணீர் வரை தாங்கும். அதாவது 5 லிட்டர் கேனில் 25 மில்லி, ஐந்து தேக்கரண்டி. அதைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடிக்கு இறங்கிவிடும். இ20 இன்னும் கூடுதலாகத் தாங்கும்; ஆனால் பிரிந்தால் அடியில் சேரும் அளவும் பெரிது, 5 லிட்டரில் இருப்பதே ஒரு லிட்டர் எத்தனால்.

குளிர் கூடக் கூடத் தாங்கும் அளவு குறையும். பகலில் தெளிவாக இருந்த கேன் ஊட்டி உறைபனி இரவில் கலங்குவது இதனால்தான். காற்றின் ஈரத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம், அது மெதுவாகத்தான் ஏறும். மூடியின் ரப்பர் வெடித்து மழைநீர் இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம்.

கேனை ஆட்டாமல், அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அரைமணி வையுங்கள். கோடு விழுந்தாலோ, மொத்தமும் பால்போல் கலங்கினாலோ பிரிந்தது என்று கொள்ளலாம். அடியிலிருந்து எடுப்பதுதான் முக்கியம். மேலிருந்து எடுத்துப் பார்த்தால் தெளிவாகவே தெரியும்.

மேலடுக்கை மட்டும் ஊற்றிப் பயன்படுத்தலாமே என்பார்கள். எத்தனால் போனதால் அதன் ஆக்டேன் குறைந்திருக்கும், எஞ்சின் தட்டும். டூ ஸ்ட்ரோக் மிஷினின் டேங்குக்குள்ளேயே பிரிந்திருந்தால் இன்னும் மோசம்: கலந்த ஆயில் மேலடுக்கோடு நின்றுவிடும், டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாய்க்குப் போவது ஆயில் இல்லாத சாராயத் தண்ணீர். ஸ்டார்ட் ஆகாவிட்டால் தப்பித்தோம். ஓடினால் பிஸ்டன் பிடித்துவிடும். குலுக்கினாலும் சற்று நேரத்தில் திரும்பப் பிரியும். டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுக்க வடித்துவிட்டுப் புது பெட்ரோல் ஊற்றுவதே வழி.