திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள்

பத்து வருடமாகப் பார்க்கின்சன் நோயுள்ள 76 வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாயங்காலமானால் திண்ணையில் நாலு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். முதலில் "அதெல்லாம் நிஜமில்லைன்னு தெரியும்" என்றவர், ஒரு ராத்திரி அவர்களுக்குச் சோறு போடச் சொல்லி மனைவியோடு சண்டை போடுகிறார்.

பதறிய வீட்டார் அவரை எங்கோ கூட்டிப்போய், அங்கே ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டுவிட்டால் நிலைமை மோசமாகிவிடும். இந்த நோயில், அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவதால்தான் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. ஹாலோபெரிடாலோ, மிச்சமிருக்கும் டோபமைன் போய் ஒட்ட வேண்டிய ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. நடந்துகொண்டிருந்தவர் படுக்கையில் விழுவார், விழுங்கவும் திணறுவார். ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன் மாத்திரைகளும் அசைவைக் கெடுக்கக்கூடியவைதான்.

சரி, என்ன செய்வது? திடீரென்று குழப்பம் கூடினால் முதலில் சிறுநீர்த் தொற்று, நீர் வற்றல், மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அப்புறம் பழைய மாத்திரைச் சீட்டு, ஏனென்றால் பார்க்கின்சன் மாத்திரைகளே மாயக்காட்சியைத் தூண்டலாம். அவர் லெவோடோபா, பிரமிபெக்சோல், ட்ரைஹெக்சிஃபெனிடில் மூன்றையும் சாப்பிடுகிறார். கடைசியாகச் சொன்னது நடுக்கத்துக்கான பழைய மருந்து. வயதானவர்களின் நினைவைக் குழப்புவதில் பேர்போனது. முதலில் குறைக்க வேண்டியது அதைத்தான். அடுத்தது, டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல். மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபாவில் கைவைப்பது கடைசியில், ஏனென்றால் அசைவுக்கு அதிகம் உதவுவதும் ஒப்பீட்டளவில் மாயக்காட்சியைக் குறைவாகத் தூண்டுவதும் அதுதான். எதையும் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக்கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று விட்டால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பயமுறுத்தும் காட்சிகள் நீடித்தால்தான் மனநோய் மருந்து. பெரும்பாலும் குவெடியாபைனை இரவில் 12.5 மில்லிகிராமிலிருந்து தொடங்குவார்கள். அது டோபமைன் ஏற்பியைப் பிடித்தாலும் சீக்கிரம் விட்டுவிடும். ஆனால் அதன் பலனுக்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை. வலுவான சான்று குளோசபைனுக்கு இருக்கிறது. மனச்சிதைவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுக்கப்படும் இந்த மருந்து, இங்கே 6.25-இல் தொடங்கிப் பெரும்பாலும் 50-க்குள்ளேயே வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதால் முதல் மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டோபமைனைத் தொடாமல் செரோடோனின் ஏற்பியில் வேலை செய்யும் பிமவான்செரினுக்கு 2016-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கலாம்.

மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் எல்லாமே மரண அபாயத்தைச் சற்றுக் கூட்டுகின்றன. அதனால் காட்சிகளை முழுதாகத் துடைத்தெறிவதை இலக்காக வைப்பது தப்பு என்றே நினைக்கிறேன். நம் பெரியவருக்கு ட்ரைஹெக்சிஃபெனிடில் படிப்படியாக நின்று, பிரமிபெக்சோலும் குறைந்தபின் திண்ணையில் ஒரு குழந்தை மட்டும் எப்போதாவது தெரிந்தால், அது நிஜமில்லை என்று அவருக்கே புரிந்தால், தானே எழுந்து குளிக்கப் போகவும் முடிந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.