ஊஞ்சல் தகடும் 47 என்ற எண்ணும்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காரர் கூரைமேல் சூரியவெப்பக் கலன் வைக்க நினைத்தார். உலர்த்தும் அடுப்புக்குப் போகிற காற்றைக் கொஞ்சம் சூடாக்கி அனுப்பினால் விறகு மிச்சம் என்பது கணக்கு. எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மேலே மூடியிருக்கும் தட்டைத் தகட்டிலிருந்து காற்று எவ்வளவு வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும்? அதற்கு வெப்பச்சலனக் கெழு h தெரிய வேண்டும்; தகடு காற்றைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் போகும் என்பதுதான் அது.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி இரண்டு நாள் கழித்து வந்தான். "அண்ணா, 47 வருது. இந்தக் காத்துக்கு இது வேலைக்காகாதுன்னு சொல்லிடலாமா?" என்றான். அந்த 47-ல் இரண்டு தப்புகள் இருந்தன, இரண்டும் ஒரே திசையில். இதே முறையில் அளக்கிற பலர் இதே இடங்களில் வழுக்குகிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முறை பழையது. சுவரை ஒட்டி ஓடும் காற்று சுவரை இழுப்பதும் சுவரிடமிருந்து வெப்பத்தை வாங்குவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான் என்று ரெய்னால்ட்ஸ் 1874-ல் சொன்னார். சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலமான எல்லை அடுக்குக்குள் உந்தத்தைக் கடத்துகிற அதே கலக்கம்தான் வெப்பத்தையும் கடத்துகிறது. ஆகவே உராய்வை அளந்தால் வெப்பத்தைக் கணிக்கலாம். உந்தமும் வெப்பமும் சரிசமமாகப் பரவாத பாய்மங்களுக்காக, 1930-களில் கோல்பர்னும் சில்டனும் பிராண்டில் எண்ணைச் சேர்த்துத் திருத்தினார்கள். தட்டைத் தகட்டுக்கு அதைச் சுருக்கி எழுதினால் இவ்வளவுதான்:

```
h = D / (A * U) * cp * Pr^(-2/3)
```

D உராய்வு இழுவிசை, A காற்று படும் மொத்தப் பரப்பு (இரண்டு முகமும்), U காற்றின் வேகம். காற்றுக்குத் தன்வெப்பம் cp 1007, பிராண்டில் எண் Pr 0.71. கடைசி இரண்டையும் பெருக்கினால் 1265 வரும். பிராண்டில் திருத்தத்தை விட்டுவிட்டால் விடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும்.

எங்கள் கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும். கொட்டகையில் ஒரு மரக்குழாய், ஒரு விசிறி, காற்றைச் சீராக்க முன்னால் அடுக்கிய உறிஞ்சுகுழல்கள். உள்ளே காற்றுப் போக்கில் 0.6 மீட்டர் நீளம், 0.4 மீட்டர் உயரம் உள்ள தகடு. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சூடேற்றும் பாய், மொத்தம் 3 மில்லிமீட்டர் தடிமன், எடை 1.7 கிலோ. அதை 1.5 மீட்டர் நீளத் தூண்டில் நரம்புகளில், முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று ஊஞ்சல்போலத் தொங்கவிட்டிருந்தோம். காற்று அடித்தால் தகடு சாயாமல் அப்படியே பின்னுக்கு நகரும். நகர்வை நரம்பின் நீளத்தால் வகுத்து எடையால் பெருக்கினால் இழுவிசை. கப்பி கிடையாது, பேரிங் கிடையாது, ஆகவே கருவியின் சொந்த உராய்வும் கிடையாது. சூடேற்றியின் ஒயரை மட்டும் தளர்த்தித் தொங்கவிட வேண்டும்; இறுகியிருந்தால் அதுவே ஸ்பிரிங் ஆகிவிடும்.

தகடு 11.5 மில்லிமீட்டர் நகர்ந்தது. இழுவிசை 0.128 நியூட்டன், அதாவது 13 கிராம் எடை. பரப்பு 0.48 சதுர மீட்டர். கையடக்கப் பிட்டாட் மீட்டர் காட்டிய வேகம் நொடிக்கு 7.1 மீட்டர். சூத்திரத்தில் போட்டால் 47.

முதல் தப்பு அந்த மீட்டரில். பிட்டாட் குழாய் உண்மையில் அளப்பது அழுத்த வேறுபாட்டை; அதை வேகமாக மாற்றக் காற்றின் அடர்த்தி வேண்டும். மீட்டர் கடல்மட்டத்தின் 1.2-ஐ எடுத்துக்கொண்டிருந்தது. குன்னூர் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 25 டிகிரியில் இங்கே அடர்த்தி சுமார் 0.95தான். அழுத்த வேறுபாடு 30 பாஸ்கல். அதை வைத்துக் கையால் போட்டால் வேகம் 8 மீட்டர். ஊஞ்சல் எடையை வைத்து அளப்பதால் விசைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சூத்திரத்தில் U கீழே நிற்கிறது. வேகம் குறைத்துக் காட்டினால் h ஏறிவிடும். இதைத் திருத்தியதும் 47 என்பது 42 ஆனது.

"அப்ப 42 சரியாண்ணா?" என்றான். சூடேற்றியைப் போட்டுப் பார் என்றேன். காற்றைவிடத் தகடு 10 டிகிரி கூடுதலாக நிலைத்து நிற்க 155 வாட் தேவைப்பட்டது. பளபளப்பான அலுமினியம் என்பதால் கதிர்வீச்சுக்கு 3 வாட் கழித்தால் போதும். மிச்சத்தைப் பரப்பாலும் 10 டிகிரியாலும் வகுத்தால் ஏறக்குறைய 32. இழுவிசை 42 என்கிறது, வெப்பம் 32 என்கிறது. இழுவிசையில் கால் பங்கு வெப்பத்தோடு சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று என்று அர்த்தம்.

அது தகட்டின் முன்விளிம்பு. கத்தரித்தபடி சதுரமாக விட்டிருந்தான். 3 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 0.4 மீட்டர் உயரத்துக்கு அது 12 சதுர சென்டிமீட்டர் முகம். 30 பாஸ்கல் காற்று அதில் நேராக மோதி, பின்விளிம்பிலும் உறிஞ்சினால் 0.036 நியூட்டன் ஆகிவிடும். இது அழுத்தத்தால் வரும் இழுவிசை. காற்று சுவரை நெருக்கித் தள்ளுகிறது, உரசவில்லை. வெப்பத்துக்கு அழுத்தம் போல் இன்னொன்று கிடையாது, அதனால் ஒப்புமை இங்கே அறுந்துவிடுகிறது. சாய்த்து வைத்த சோலார் பலகையின் மீதான விசையை அளந்து இந்தச் சூத்திரத்தில் போடுகிறவர்களுக்கு h நூற்றுக்கணக்கில் வருவதும் இதனால்தான்.

இரண்டு விளிம்புகளிலும் எபாக்சி பூசி, காய்ந்த பிறகு அரத்தால் கூராக்கினோம். அடுத்து நடந்ததை நானே முழுதாக எதிர்பார்க்கவில்லை. நகர்வு 4-க்கும் 5-க்கும் நடுவே அலைந்தது. காரணம் யோசித்தால் எளிது. ஓட்டம் கலங்குமா என்று காட்டுகிற ரெய்னால்ட்ஸ் எண் இந்த வேகத்துக்கும் நீளத்துக்கும் இரண்டரை லட்சம்தான். கூர்விளிம்பில் எல்லை அடுக்கு கலங்காமலே ஓடப் பார்க்கிறது. முழுக்கக் கலங்காமல் ஓடினால் நகர்வு 3.5 மில்லிமீட்டர் வர வேண்டும். எங்களுடையது பாதி அப்படியும் பாதி இப்படியும். கலங்காத ஓட்டத்துக்கும் ஒப்புமை பொருந்தும், ஆனால் கூரைமேல் அடிக்கிற காற்று அப்படி இருக்காது. முன்விளிம்புக்குப் பின்னால் விரலகலத்துக்கு உப்புத்தாள் பட்டை ஒட்டினோம். நகர்வு 8 மில்லிமீட்டரில் நின்றது. h = 29. சூடேற்றி 146 வாட் கேட்டது; அதன் கணக்கில் 30. அரை மில்லிமீட்டருக்குமேல் நுணுக்கமாக எங்களால் அளவுகோலைப் படிக்க முடியாது. அதுவே 6 சதவீதம். ஆகவே இந்தப் பொருத்தம் போதும்.

உண்மையான மூடியின் நீளம் 2 மீட்டர். கலங்கிய ஓட்டத்தில் சராசரி h, நீளத்தின் ஐந்தாம் படிமூலத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். 29 என்பது 23 ஆகிறது. மூடி காற்றைவிட 15 டிகிரி சூடாக இருந்தால் சதுர மீட்டருக்கு இழப்பு 345 வாட். தம்பியின் 47-ஐ அப்படியே எடுத்திருந்தால் 705 வாட் என்று சொல்லித் திட்டத்தையே கைவிட வைத்திருப்போம்.

சூடேற்றி இருக்கும்போது ஊஞ்சல் எதற்கு என்று கேட்கலாம். வெப்பம் நிலைக்க அரைநாள் ஆகிறது. ஊஞ்சலில் வேறு தகட்டை மாட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அது வழவழப்பான தகடாக இருக்க வேண்டும். போன வாரம் தொழிற்சாலைக்காரர் மலிவு என்று நெளிநெளியான பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நெளிவு காற்றுக்குக் குறுக்கே இருக்கும்படி மாட்டினோம். காற்று ஒவ்வொரு மேட்டிலும் மோதியதில் ஊஞ்சல் நன்றாகவே பின்னுக்குப் போனது. தம்பி நோட்டை எடுத்து எழுதப் போனான். அதைச் சூத்திரத்தில் போடாதே, சூடேற்றும் பாயைக் கழற்றி இதன் அடியில் ஒட்டு என்றேன். அரைநாள் காத்திருக்கத்தான் வேண்டும்.