‘லேசான உடற்பயிற்சி செய்யலாம்’: சயாட்டிகா வலி உள்ளவரின் மருத்துவருக்கு எழுதிய கடிதம்

‘லேசான உடற்பயிற்சி செய்யலாம், அதிக எடை தூக்கக் கூடாது’ என்று மருந்துச் சீட்டின் ஓரத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு 46 வயதுடைய ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். இடது புட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்காலுக்கு இறங்கும் வலி அவருக்கு 14 மாதங்களாக இருந்தது. நாற்காலியில் 20 நிமிடம் உட்கார்ந்தால் வலி கிளம்பும், எழுந்து நடந்தால் தணியும். முதுகெலும்பின் கடைசி டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதாக ஸ்கேன் அறிக்கையில் இருந்தது. அறுவை சிகிச்சை இப்போதைக்குத் தேவையில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த ஒரு வரியை நம்பி நானும் ‘லேசாக’த்தான் தொடங்கினேன். அவருடைய தொடையின் பின்தசை இறுகியிருப்பதாக எனக்குத் தோன்றியதால், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து குனிந்து விரல் நுனியைத் தொடும் பயிற்சியைக் கொடுத்தேன். எடை எதுவும் இல்லை, வியர்வைகூட இல்லை. மூன்றாம் நாள், கெண்டைக்காலோடு நின்ற வலி சுண்டுவிரல் வரை போய்விட்டதாகச் சொன்னார். முழங்காலை நீட்டி முதுகை வளைக்கும்போது சயாட்டிக் நரம்பே இழுபடுகிறது என்பதும், ஏற்கெனவே எரிச்சலடைந்திருக்கும் நரம்புக்கு அந்த இழுவையே போதும் என்பதும் நான் படித்து அறிந்தவைதாம். தசை இறுக்கம் என்ற முதல் எண்ணத்தைக் கைவிடத்தான் தாமதித்துவிட்டேன். ஆக, எந்த எடையும் தூக்காமல், மருத்துவர் எழுதியதை ஓர் எழுத்துக்கூட மீறாமல், அவருடைய வலியை நான் கூட்டிவிட்டேன்.

குறை என்னுடையது என்றாலும், ‘லேசான’ என்ற சொல் எங்கள் இருவருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை என்பதும் அப்போது புரிந்தது. மருத்துவர் நோயாளியை மேசையில் படுக்க வைத்துப் பார்க்கிறார். எந்தக் கோணத்தில், எத்தனை கிலோவை, எத்தனை முறை தூக்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. நான் அதைப் பார்க்கிறேன், ஆனால் நரம்பின் நிலை எனக்குத் தெரியாது. எனவே பயிற்சியை நிறுத்தி, அவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, மருத்துவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரைவில் ‘இவர் உடற்பயிற்சி செய்யலாமா, எந்தப் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்?’ என்று கேட்டிருந்தேன். படித்துப் பார்த்தபோது, இதற்குப் பதிலாக அதே சீட்டு வரிதான் மறுபடி வரும் என்று தோன்றியதால் கிழித்துவிட்டேன். இரண்டாவது வரைவைப் பெரும்பாலும் அப்படியே தருகிறேன்.

‘மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு, தங்களிடம் சிகிச்சை பெறும் இவருக்கு நான் வாரம் மூன்று நாள் பயிற்சி அளிக்கிறேன். இக்கடிதம் அவருடைய ஒப்புதலுடன் எழுதப்படுகிறது. நான் நோயைக் கணிப்பவன் அல்லன். கண்டதை மட்டும் எழுதுகிறேன். முதல் வாரம் நான் கொடுத்த குனிந்து நீட்டும் பயிற்சிக்குப் பின், கெண்டைக்கால் வரை இருந்த வலி சுண்டுவிரல் வரை நீண்டது. அப்பயிற்சியை நிறுத்திய ஐந்தாம் நாள் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தும்போது வலது காலில் 20 முறை செய்கிறார்; இடது காலில் 9 முறைக்கு மேல் முடியவில்லை, ஆனால் வலி தடுப்பதாகச் சொல்லவில்லை, பலம் வரவில்லை என்கிறார். சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் இல்லை என்றும், இரு தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மரத்துப்போதல் இல்லை என்றும் கூறுகிறார்.

நான் செய்விக்க விரும்புவது: முழங்கால் உயரப் பலகையிலிருந்து, முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி 8 கிலோ எடையைத் தூக்குதல், லெக் பிரஸ் இயந்திரத்தில், அடிமுதுகு இருக்கையை விட்டு எழும்பாத அளவுக்கு மட்டும் முழங்காலை மடக்குதல், நடை. இவை தொடர்பாகத் தங்களிடம் நான்கு கேள்விகள். இடது காலின் பலக்குறைவு தாங்கள் முன்பே கண்டதா, புதியதா? மேற்சொன்ன மூன்றில் எதை விலக்க வேண்டும்? வலி முழங்காலுக்குக் கீழே இறங்காமல், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் திரும்பினால் எடையைக் கூட்டலாம் என்ற விதியை வைத்துக்கொள்ளலாமா? இரவில் அவர் எடுக்கும் பிரிகாபாலின் மாத்திரையால் காலையில் தலைசுற்றுகிறது என்கிறார்; காலைப் பயிற்சியை மாற்ற வேண்டுமா?’

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. குதிகால் கணக்கை அதில் சேர்ப்பதா என்று நெடுநேரம் தயங்கினேன், ஏனெனில் அது மருத்துவரின் வேலையில் தலையிடுவதாகப் படலாம். கடைசி டிஸ்க்குக்கு அருகே பெரும்பாலும் அழுத்தம் பெறும் நரம்பு வேர்தான் கெண்டைக்கால் தசையை இயக்குவதில் பெரும்பங்கு வகிக்கிறது. அதனால் குதிகாலை உயர்த்தும் எண்ணிக்கை குறைவது வெறும் சோர்வாக இல்லாமலும் இருக்கலாம். பெயர் சூட்டாமல் எண்ணை மட்டும் எழுதியதால் அது தலையீடாகப் படவில்லை என்று பின்னர் தெரிந்தது.

பதில் நான்காம் நாள் வந்தது, அதுவும் அவரை மறுபடி அழைத்துப் பார்த்துவிட்டு. முந்தைய குறிப்பில் பலக்குறைவு பதிவாகவில்லை என்றும், இப்போது குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் தானாக அசையும் கணுக்கால் அனிச்சையும் குறைந்திருப்பதாகவும் எழுதியிருந்தார். எப்போது குறையத் தொடங்கியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாததால், அதைத் தாமே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பதாகவும், பயிற்சி நாள்தோறும் குதிகால் எண்ணிக்கையை நான் குறித்து வர வேண்டும் என்றும் கேட்டிருந்தார். எண்ணிக்கை 9-க்குக் கீழே இறங்கினாலோ, நடக்கும்போது பாதம் தரையில் தட்டினாலோ பயிற்சியை நிறுத்தி அன்றே தெரிவிக்க வேண்டும். சிறுநீர் அடைபட்டாலோ, தொடைகளின் நடுவே மரத்துப்போனாலோ தமக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். எடை தூக்குவதையும் நடையையும் அனுமதித்தார். லெக் பிரஸை ஆறு வாரத்துக்கு அடித்துவிட்டார். இயந்திரத்தில் கால் மடங்கும்போது அடிமுதுகு எழும்பவில்லை என்பதை வெளியிலிருந்து பார்ப்பது எளிதன்று என்பது அவர் சொன்ன காரணம், நியாயமான காரணம். மாத்திரை நேரத்தைத் தாமே சற்று முன்தள்ளி, பயிற்சியை மாலைக்கு மாற்றச் சொன்னார்.

எடை கூட்டும் விதியை மட்டும் ஒரு திருத்தத்துடன் ஏற்றார். வலியின் அளவை 10-க்கு இத்தனை என்று கேட்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதையும் கேள் என்றார்; இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் காலிலிருந்து அது மேலே ஏறினால் தொடரலாம், கால் வலி குறைந்ததாகச் சொன்னாலும் பாதம் வரை நீண்டால் எடையை இறக்கு என்பது அவர் வைத்த வரி. என் குறிப்பேட்டில் அன்று முதல் ஒரு மனிதக் காலின் கோட்டுப்படம் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும் வலி எங்கே முடிகிறதோ அங்கே அவரே ஒரு கோடு போடுவார்.

ஆறாம் வாரம் கோடு முழங்கால் மடிப்புக்கு மேலே நின்றது. இடது குதிகால் 13 முறை உயர்ந்தது, எடை 14 கிலோ. லெக் பிரஸ் பற்றி மறுபடி கேட்டு இரண்டாவது கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்; அடிமுதுகு எழும்புகிறதா என்பதைக் காண அதன் பின்னால் மடித்த துண்டு ஒன்றைச் செருகி, அது விழுகிறதா என்று பார்க்கலாமா என்பது அதில் உள்ள ஒரே கேள்வி.