பிட் வீதம், பிரிதிறன்: 1080p வீடியோ ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது?

குற்றாலத்தில் ஐந்தருவியை ஃபோனில் ஒரு நிமிடம் எடுக்கிறோம். ஃபோனில் பார்த்தால் ஒவ்வொரு நீர்த்தாரையும் தனியாகத் தெரிகிறது. அதையே சுருக்கி அனுப்பினால், பெற்றவர் திரையில் பாறை ஒழுங்காக இருக்கிறது, நீர் மட்டும் சதுரம் சதுரமாக உடைந்து கிடக்கிறது. கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தால் இரண்டிலும் 1920×1080 என்றே இருக்கிறது. ரெசல்யூஷன் குறையவே இல்லை. குறைந்தது பிட்ரேட். இந்த இரண்டு சொற்களும் எதை அளக்கின்றன, தமிழில் எப்படிச் சொன்னால் பொருள் சரியாக நிற்கும் என்று பார்க்கலாம்.

ரெசல்யூஷன் என்பதற்கு மூலம் லத்தீன் மொழியின் 'ரெசொல்வெரே'. கட்டவிழ்ப்பது, பிரிப்பது என்று பொருள். சபையில் நிறைவேற்றும் தீர்மானத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அதனால்தான் இயந்திர மொழிபெயர்ப்பில் 'உயர் தீர்மானப் படம்' என்ற தவறான தொடர் வந்துவிடுகிறது. ஒளியியலில் இந்தச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டும் திறன் என்று பொருள். திருமணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்களே, அங்கே நடப்பது இதுதான். வசிட்டரும் அருந்ததியும் வானில் மிக நெருங்கித் தெரியும் இரண்டு விண்மீன்கள். நல்ல கண் அவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும். தொலைநோக்கி வசிட்டரையே இரண்டு விண்மீன்களாகப் பிரித்துக் காட்டும், ஏனென்றால் அதன் பிரிதிறன் கண்ணைவிட அதிகம்.

ஆக, 'பிரிதிறன்' நல்ல சொல். இயற்பியல் பாடங்களில் 'பகுதிறன்' என்றும் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் மென்பொருள்களிலும் செய்திகளிலும் அதிகம் புழங்குவது 'தெளிவுத்திறன்'. இந்தச் சொல்லை நான் தவிர்க்கிறேன். அது தெளிவுக்கு உறுதி கொடுக்கிறது, ஆனால் வீடியோ கோப்பில் எழுதியிருக்கும் 1080p அப்படி எந்த உறுதியும் கொடுப்பதில்லை. அகலத்தில் 1920, உயரத்தில் 1080, மொத்தம் 20,73,600 படப்புள்ளிகளுக்கு இடம் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. அந்த இடங்களில் எவ்வளவு உண்மையான விவரம் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு கணக்கு. கறாராகச் சொன்னால், இந்த எண்ணுக்குப் 'படப்புள்ளி அளவு' என்பதே பொருத்தம். பிரிதிறன் எவ்வளவு உயரலாம் என்பதற்கு அது ஓர் எல்லை. அருவியில் பக்கத்துப் பக்கத்துத் துளிகள் இரண்டும் இரண்டாகவே தெரிகின்றனவா என்பதுதான் உண்மையான பிரிதிறன். அது சுருக்கும்போது குறையும், ஆனால் கோப்பில் எழுதிய எண் அப்படியே இருக்கும்.

இப்போது பிட்ரேட். பிட் என்பது ஈரிலக்கத்தின் ஒற்றை இலக்கம், 0 அல்லது 1. ஆங்கிலத்தில் 'பைனரி டிஜிட்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சுருக்கியது. கிளாட் ஷானன் 1948-ல் வெளியிட்ட தகவல் கோட்பாட்டுக் கட்டுரையில் இந்தச் சொல் வந்தது. அதை முன்மொழிந்தவர் ஜான் டூக்கி என்று ஷானனே அங்கே குறிப்பிட்டிருக்கிறார். தமிழில் துண்மி, நுண்மி என்றெல்லாம் முயற்சிகள் உண்டு. ஆனால் பிட் என்றால் எல்லோருக்கும் புரிகிறது, எழுதவும் சின்னதாக இருக்கிறது, அதனால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது அடுத்த பாதி. சிலர் 'பிட் விகிதம்' என்று எழுதுகிறார்கள். விகிதம் என்பது இரண்டு அளவுகளை ஒப்பிடுவது, ஒன்றுக்கு மூன்று என்பதுபோல. நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் கூலி என்று சொல்கிறோமே, அந்த 'வீதம்'தான் இங்கே வேண்டும். நொடிக்கு இத்தனை பிட் வீதம். எனவே 'பிட் வீதம்'.

சரி, அருவிக்கு வருவோம். ஒரு படப்புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப் படங்கள் என்று எடுத்துக்கொண்டால், சுருக்காத 1080p வீடியோவுக்கு நொடிக்கு ஏறக்குறைய 149 கோடி பிட் ஆகும். எந்த ஃபோனும் இதை அப்படியே சேமிப்பதில்லை. படம் எடுக்கும்போதே சுருக்கி, நொடிக்கு 17 மெகாபிட், அதாவது 1.7 கோடி பிட் என்ற அளவில் எழுதிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், எனவே ஒரு நிமிடத்துக்கு சுமார் 127 எம்பி, அதாவது மெகாபைட் வரும். அனுப்புவதற்காக இதை 16 எம்பிக்குள் அடக்க வேண்டியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 16 மெகாபைட் என்றால் 128 மெகாபிட். அதை 60 நொடிக்குப் பகிர்ந்தால் நொடிக்குக் கிடைப்பது சுமார் 21 லட்சம் பிட். ஒலிக்குப் போகும் சிறு பங்கை விட்டுவிடுவோம்.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம். 2003-ல் வந்து இன்றும் பரவலாகப் புழங்கும் H.264 என்ற வீடியோ சுருக்க முறை, ஒவ்வொரு ஃபிரேமையும் 16×16 படப்புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. 1080p ஃபிரேம் ஒன்றில் 8,160 கட்டங்கள். 21 லட்சத்தை 30 ஃபிரேமுக்குப் பிரித்தால் ஒரு ஃபிரேமுக்கு 71,000 பிட், ஒரு கட்டத்துக்குச் சராசரியாக 9 பிட்கூட இல்லை. 256 படப்புள்ளிகளின் நிறமும் வெளிச்சமும் அந்த 9 பிட்டில் அடங்க வேண்டும்.

பெரும்பாலான வீடியோக்களில் இதுவே போதும் என்பதுதான் வியப்பு. கேமரா ஆடாமல் இருந்தால் பாறை போன ஃபிரேமில் இருந்தபடியே இந்த ஃபிரேமிலும் இருக்கும். 'முன்பு இருந்ததையே போடு' என்று சொல்ல ஒரு பிட்கூடத் தேவைப்படாமல் போகலாம். பாறை மிச்சப்படுத்திய பிட்டெல்லாம் நீருக்குப் போகும். நீர் அப்படியல்ல. விழும் நீரில் எந்த ஃபிரேமும் முந்தையதைப்போல இருப்பதில்லை, கட்டத்துக்குக் கட்டம் புதிதாகச் சொல்ல வேண்டும். ஃபிரேமில் பாதி நீர் என்றாலும் ஒரு நீர்க்கட்டத்துக்கு சுமார் 17 பிட்தான் வரும். மழை, மரத்தில் ஆடும் இலைகள், பரிசளிப்பு மேடையில் கொட்டும் வண்ணக் காகிதங்கள் எல்லாம் இதே வகை. இருட்டில் எடுத்த வீடியோவும் அப்படித்தான். அங்கே சென்சாரின் இரைச்சல் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருக்கும், அதையும் நகரும் விவரம் என்றே கணக்கிட்டு பிட்டைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. கூர்மையாக எடுத்த படம் சுருக்கியபின் அதிகம் உடைவதற்கும் இதுவே காரணம். கூர்மை கூடினால் சொல்ல வேண்டிய விவரமும் கூடும், பிட் வீதம் கூடவில்லை என்றால் பற்றாக்குறைதான்.

பற்றாக்குறை ஏன் சதுர வடிவில் தெரிகிறது? விடை 1974-ல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் வெளியிட்ட ஒரு கணித முறையில் இருக்கிறது. தனித்த கொசைன் உருமாற்றம் என்று பெயர். H.264 பயன்படுத்துவது இதன் எளிமையாக்கிய வடிவம். ஒரு சிறு கட்டத்தை எடுத்து, அதன் சராசரி வெளிச்சம் இவ்வளவு, பரந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு, அதைவிட நுண்ணிய ஏற்ற இறக்கம் இவ்வளவு என்று எண்களாகப் பிரித்துவிடும். இதுவரை எதுவும் இழக்கவில்லை. அடுத்த படியில் அந்த எண்களை முழுமைப்படுத்துவார்கள், அதாவது சீரான இடைவெளியில் நிற்கும் மதிப்புகளில் மிக அருகில் இருப்பதற்கு மாற்றிவிடுவார்கள். H.264-ல் இதற்கு 0 முதல் 51 வரை ஓர் அளவுகோல் உண்டு. 6 படி ஏறினால் முழுமைப்படுத்தும் இடைவெளி இரட்டிப்பாகும். பிட் போதாதபோது இந்த எண் ஏறும். ஏற ஏற நுண்ணிய ஏற்ற இறக்கங்களெல்லாம் பூஜ்யமாகிவிடும். கடைசியில் மிஞ்சுவது சராசரி வெளிச்சம் மட்டும், கட்டம் முழுக்க ஒரே நிறம். பக்கத்துக் கட்டத்தின் சராசரி தனியாக முழுமையாகியிருப்பதால் வேறொரு நிறத்தில் நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் கோடு தெரிகிறது. அந்தக் கோட்டைத் தேய்த்து மறைக்க H.264-லேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. அதனால்தான் பற்றாக்குறை குறைவாக இருக்கும்போது நீர் மெழுகியதுபோல் வழவழப்பாகத் தெரிகிறது. அதற்கும் மீறிப்போனால்தான் கட்டங்கள் வெளியே வரும்.

ஒரு வீடியோவில் குறை படப்புள்ளி அளவிலா, பிட் வீதத்திலா என்பதைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். படப்புள்ளி குறைவு என்றால் அசைவதும் அசையாததும் ஒரே மாதிரி மங்கியிருக்கும். பிட் வீதம் குறைவு என்றால் அசையாத இடம் நன்றாக இருக்கும், அசைவு வந்ததும் அந்த இடம் மட்டும் உடையும். காட்சி மாறிய கணத்தில் எல்லாம் கட்டமாகி, பிறகு மெல்லத் தெளியும். சில நொடிக்கு ஒருமுறை படம் மூச்சு விடுவதுபோல் துடித்தால், அது முழு ஃபிரேமையும் புதிதாக எழுதும் கீஃபிரேம் வரும் இடம். எண்ணாகவே பார்க்க வேண்டுமென்றால், ffmpeg என்ற இலவச வீடியோ மென்பொருளோடு வரும் ffprobe கட்டளை போதும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,bit_rate -of default=nw=1 aruvi.mp4
```

அகலம், உயரம், பிட் வீதம் மூன்றும் தனித்தனி வரியில் வரும். `bit_rate` என்பது நொடிக்கான பிட் எண்ணிக்கை.

16 எம்பியைத் தாண்டவே முடியாது என்றால் என்ன செய்வது? படப்புள்ளியைக் குறைக்கலாம். 720p ஃபிரேமில் 3,600 கட்டங்கள்தான். அதே 71,000 பிட்டைப் பகிர்ந்தால் கட்டத்துக்கு 20 பிட் கிடைக்கும், முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். எண்ணில் சிறிய அந்த 720p, அருவியைப் பொறுத்தவரை 1080p-ஐவிட நன்றாகத் தெரியும். அளவுக் கட்டுப்பாடு இல்லாமல், கட்டம் தெரியாமல் இருந்தால் போதும் என்றால் பிட் வீதத்தை நாமே நிர்ணயிக்காமல் விட்டுவிடலாம்:

```
ffmpeg -i aruvi.mp4 -vf scale=-2:720 -c:v libx264 -crf 23 -c:a copy aruvi_720.mp4
```

இங்கே `-crf 23` என்பது தர அளவு. எண் குறைந்தால் தரம் கூடும். அதைக் காப்பாற்ற எத்தனை பிட் வேண்டுமோ அத்தனையை மென்பொருளே எடுத்துக்கொள்ளும். ஒருவர் உட்கார்ந்து பேசும் வீடியோ சின்னக் கோப்பாக வரும், அருவி பெரிதாக வரும்.

யூடியூப் 2023-ல் கட்டணச் சந்தாதாரர்களுக்கு `1080p Premium` என்றொரு தேர்வைக் கொண்டுவந்தது. படப்புள்ளி அளவு அதே 1080p, கூட்டியது பிட் வீதத்தை மட்டும். வெவ்வேறு சுருக்க முறைகளின் பிட் வீதத்தை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2013-ல் வந்த H.265, 2018-ல் வந்த AV1 இரண்டும் H.264-ஐவிடக் குறைந்த பிட்டில் அதே தரத்தைத் தரும். அதே முறையில் சுருக்கிய இரண்டு கோப்புகள் என்றால் மட்டுமே எண்ணை வைத்து முடிவு சொல்லலாம். ஏற்கெனவே உடைந்த கோப்பை 4K ஆக்கி, பிட் வீதத்தை எவ்வளவு கூட்டி எழுதினாலும் பயனில்லை. முழுமைப்படுத்தும்போது பூஜ்யமான எண்கள் அந்தக் கோப்பில் எங்கும் இல்லை, கூடுதல் பிட் எல்லாம் கட்டங்களின் ஓரத்தைத் துல்லியமாக எழுதவே செலவாகும். ஃபோனில் இருக்கும் 127 எம்பி மூலத்திலிருந்து மறுபடி சுருக்குவதுதான் வழி.