செங்குத்துத் தலைப்புகள்: எழுத்து சரி, பத்தி தவறு

நெல்லுக்கு எக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 120 கிலோ சாம்பல்சத்து. ஒரு வேளாண் கையேட்டின் இணையப் பதிப்பில் இப்படித்தான் ஏறவிருந்தது. ஸ்கேன் செய்த பக்கங்களைத் தேடக்கூடிய எழுத்தாகவும் அட்டவணையாகவும் மாற்றும் வேலை என்னுடையது. எங்களிடம் மெய்ப்புப் பார்க்கும் அம்மா விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். "சாம்பல்சத்தை இப்படிக் கொட்டுவார்களா, சார்?" என்று அவர் கேட்ட பிறகுதான் மூலப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 120 இருக்க வேண்டிய இடம் தழைச்சத்து.

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எண்களும் சரி. தலைப்புகளின் வரிசை மட்டும் வலமிடமாகத் திரும்பியிருந்தது.

காரணம் எளியது. பத்திகள் குறுகலாக இருந்ததால் அச்சிட்டவர் தலைப்புகளைச் செங்குத்தாகத் திருப்பியிருந்தார். இப்படித் திருப்ப இரண்டு வழிகள் உண்டு. பெரும்பாலான அட்டவணைகளில் தலைப்பைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்ப்போமே, அது. சிலவற்றில் மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். இந்தக் கையேடு இரண்டாம் வகை.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் செங்குத்து எழுத்தைத் தானாகச் சரியாகப் படிப்பது அரிது. ஆகவே தலைப்புப் பட்டையை மட்டும் வெட்டி, 90 பாகை திருப்பி, பிறகு படிக்கவைக்கிறோம். கீழிருந்து மேலாக ஓடும் தலைப்பை வலஞ்சுழியாகத் திருப்பினால் இடக்கோடிப் பத்தி மேலே வந்துவிடும். வரிகளை மேலிருந்து கீழாக எடுத்தால் பத்திகளின் வரிசை அப்படியே கிடைக்கும். மேலிருந்து கீழாக ஓடும் தலைப்பை இடஞ்சுழியாகத் திருப்பியாக வேண்டும். அப்போது இடக்கோடிப் பத்தி கீழே போய்விடும். வந்த வரிசையை அப்படியே பத்திகளுக்கு ஒட்டினால் முதலாவது கடைசியாகும். எங்களுக்கு நடந்தது இதுதான். மூன்று பத்திகளில் நடுவிலிருக்கும் மணிச்சத்து இடம் மாறவே இல்லை. நான் மாதிரிக்குச் சரிபார்த்ததும் அந்தப் பத்தியைத்தான்.

அதனால் தலைப்புகளை வந்த வரிசையில் ஒட்டுவதை விட்டுவிட்டோம். ஒவ்வொரு தலைப்பின் நடுப்புள்ளியும் மூலப் பக்கத்தில் எந்த இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடையில் விழுகிறது என்று பார்த்து, அந்தப் பத்திக்கு அதைக் கொடுக்கிறோம். இதில் இன்னொரு சிக்கலும் தீர்கிறது. "சாம்பல்" ஒரு வரியிலும் "சத்து" அடுத்த வரியிலுமாக மடிந்திருந்தால், திருப்பிய படத்தில் அவை இரண்டு தலைப்புகளாகத் தெரியும். மூன்று பத்திகளுக்கு நான்கு தலைப்புகள் வந்து எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். கோடுகளை வைத்துப் பார்த்தால் இரண்டு துண்டுகளும் ஒரே பத்திக்குள் அடங்கிவிடும்.

ஸ்கேன் அல்லாமல் நேரடியாக உருவான PDF என்றால் திசையைக் கோப்பிலேயே கேட்டுப் பார்க்கலாம். `pdfplumber` என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் பக்கத்தை `page` என்று திறந்துகொண்டு:

```python
for c in page.chars:
    if not c["upright"]:
        print(c["text"], c["matrix"][:4])
```

நான்கு எண்களில் இரண்டாவது நேர்மமாக இருந்தால் எழுத்து கீழிருந்து மேலாக ஓடுகிறது. எதிர்மமாக இருந்தால் மேலிருந்து கீழாக. எழுத்துகளை நிமிர்ந்தபடியே ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தால் இந்தச் சோதனையில் அகப்படாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இத்தகைய கோப்புகளில் தலைப்பின் எழுத்துகள் கடைசியிலிருந்து முதலாகத் தலைகீழ் வரிசையில் வெளிவருவதும் உண்டு. உடனே சரத்தைத் திருப்பிப் போட்டால் போதும் என்று தோன்றும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பலிக்கும், தமிழில் பலிக்காது. "பெயர்" என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது. "ர்" பல எழுத்துருக்களில் ஒரே வடிவம். தலைகீழாக எடுக்கும்போது "ர்யபெ" என்று வரக்கூடும். அதைக் குறியீடு குறியீடாகத் திருப்பினால் கொம்பு பகரத்துக்கு முன்னால் அனாதையாக நிற்கும், புள்ளி ரகரத்தை விட்டு யகரத்தின் தலையில் ஏறும்: "ெபய்ர". எழுத்துகளின் இட ஆயங்களைத் திருப்பி, சரியான திசையில் மறுபடி படிக்கவைத்து, கொம்புகளை அதன் பிறகு மெய்யெழுத்துக்குப் பின்னால் நகர்த்துவதே முறை. சரத்தைக் குறியீடு குறியீடாகத் திருப்பவே கூடாது.

இப்போது செங்குத்துத் தலைப்புள்ள அட்டவணை எது வந்தாலும் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மூலத்தோடு வாய்விட்டுப் படித்து ஒப்பிடுகிறோம். நான் எண்ணைச் சொல்ல, மெய்ப்புப் பார்க்கும் அம்மா மூலத்தில் விரல் வைத்துத் தலைப்பைச் சொல்வார்.