‘பெலாஹான் ஜிவா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கோலாலம்பூரில் மலாய் நாடகங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் எங்களுக்கு அடிக்கடி வந்து விழும் ஒரு தொடர் ‘பெலாஹான் ஜிவா’. பெலா என்றால் பிளப்பது. பெலாஹான் ஜிவா என்றால் பிளந்த உயிரின் ஒரு பகுதி. ஜிவா நம் காதுக்குப் பழகிய ஜீவன்தான் என்பதால், புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் ‘ஆன்மாவின் பாதி’, ‘ஆத்மத் துணை’ என்று தயங்காமல் எழுதிவிடுகிறார்கள். அகராதிப்படி அதில் பிழை இல்லை. ஆனால் நாளிதழின் இரங்கல் அறிவிப்புகளில் ‘அன்னாரின் ஆத்மா சாந்தியடைய’ என்று படித்துப் பழகிய தமிழருக்கு, காதல் காட்சியில் ‘ஆத்மா’ வந்தால் மனம் வேறு எங்கோ போய்விடுகிறது.

பாதி என்ற சொல்லில் உள்ள சிக்கல் இதைவிட நுட்பமானது. மேற்கில் ‘என் மறுபாதி’ என்ற பேச்சுக்குப் பின்னால் மிகப் பழைய கதை ஒன்று உண்டு. பிளேட்டோவின் ‘விருந்து’ உரையாடலில் அரிஸ்டோபனீஸ் அதைச் சொல்கிறார்: ஆதி மனிதர்களுக்கு நான்கு கைகள், நான்கு கால்கள், இரண்டு முகங்கள் இருந்தன; ஜீயஸ் அவர்களை இரண்டாக வெட்டினார்; அன்று முதல் ஒவ்வொருவரும் வெட்டுண்ட தம் பாதியைத் தேடி அலைகிறார்கள். அங்கே பாதி என்பது தொலைந்துபோன ஒன்று. நம் மரபிலோ மாதொருபாகன் என்றால் உமையைத் தன் உடலிலேயே கொண்டவன். இங்கே பாதி என்பது கூடவே இருப்பது. அதனால்தான் ‘நீ என்னில் பாதி’ என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சொன்னால் தமிழாக ஒலிக்கிறது. ‘என் பாதியை இன்னும் தேடுகிறேன்’ என்றால் மொழிபெயர்ப்பாக ஒலிக்கிறது. இன்னும் சந்திக்காத ஒருவரை நாம் ‘எனக்கென்று பிறந்தவர்’ என்றுதான் சொல்லிவந்திருக்கிறோம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இளம்பெண் ஒருத்தி தன் தோழியிடம், பெலாஹான் ஜிவாவை இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். ‘என் ஆன்மாவின் பாதியை இன்னும் தேடுகிறேன்’ என்பது முதல் வரைவு. நான் அதை ‘எனக்குன்னு பிறந்தவனை இன்னும் பார்க்கலையே’ என்று மாற்றுவேன். தேடல் என்ற வினை போய்விட்டது, ஏக்கம் போகவில்லை. இரண்டு மூன்று வினாடிகளில் படித்து முடிக்கவும் முடிகிறது. கடைசிப் பகுதியில் அதே பெண் தன் கணவனைப் பார்த்து அதே தொடரைச் சொல்கிறாள் என்றால், அங்கே ‘என் உயிரே நீதான்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். அப்படி எழுதினால் முதல் காட்சியின் எதிரொலி அறுந்துவிடும். ‘எனக்குன்னே பிறந்தவன் நீ’ என்று எழுதினால் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது. ஆகவே எந்தத் தமிழ்த் தொடரை எடுப்பது என்பதைக் கதை முழுவதையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

விதிப்படி வாய்க்கும் துணையைக் குறிக்கும் ‘ஜோடோ’ என்ற மலாய்ச் சொல்லுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போதாது. ‘காலாவ் டா ஜோடோ, தாக் கெ மானா’ என்று நம்பிக்கையோடு சொல்லும் இடத்தில் ‘நமக்குன்னு எழுதியிருந்தா எங்கேயும் போகாது’ என்பது கச்சிதமாக உட்காரும். மணமுறிவுக்குப் பிறகு, தங்கள் ஜோடோ இவ்வளவுதான் என்று ஒருவர் சொல்லும்போது, ‘எங்களுக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்’ என்பதே அந்த வேதனையையும், யாரையும் குறை சொல்லாத கண்ணியத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. பேசுபவர் முஸ்லிமாக இருந்தால் ‘பிரம்மன் போட்ட முடிச்சு’ என்று எழுதுவது பாத்திரத்தையே மாற்றிவிடும். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் புழங்கும் ‘நசீபு இருந்தா’, ‘அல்லாஹ் நாடினா’ ஆகியவை அங்கே இயல்பாகப் பொருந்தும்.

மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் தம் மனைவியை ‘பெட்டர் ஹாஃப்’ என்று அறிமுகப்படுத்தினால், ‘என் துணைவியார்’ என்பது போதும். ‘சிறந்த பாதி’ என்று எழுதினால், மற்றப் பாதி என்ன ஆயிற்று என்ற கேள்விதான் எழும்.

எழுதிய வரியைச் சோதிக்க நான் நம்பும் வழி, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் அதை வாசித்துக் காட்டி, பேசுபவரும் கேட்பவரும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று கேட்பது. ‘ஏற்கெனவே சேர்ந்தவர்களா, இன்னும் சந்திக்காதவர்களா?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் அந்த வரி தேறவில்லை.

நேர்மொழிபெயர்ப்பே தேவைப்படும் இடமும் உண்டு. இரண்டாக உடைந்த பதக்கத்தின் ஒரு துண்டை அவளும் மறு துண்டை அவனும் அணிந்திருக்க, அதைக் கையில் பிடித்தபடி பெலாஹான் ஜிவா என்று சொன்னால், திரையில் பாதி கண்ணுக்கே தெரிகிறது. அங்கே ‘எனக்கென்று பிறந்தவன்’ பொருந்தாது. ‘என் உயிரின் மறுபாதி’ என்றே எழுத வேண்டும். அந்தக் காட்சி இரண்டாம் பகுதியில்தான் வருகிறது என்றாலும், முதல் பகுதியிலிருந்தே பாதி என்ற சொல்லை விதைத்துக்கொண்டு வர வேண்டும்.